லோடுக்கு ஒரு டிசி, மாதத்துக்கு ஒரு பில்

திருப்பூரில் ஒரு பனியன் துணி தைக்கும் மேசைக்கு வருவதற்குள் பல கம்பெனிகளின் வாசலைத் தாண்டி வருகிறது. ஏற்றுமதி செய்யும் கம்பெனி நூலை வாங்கி நிட்டிங் ஷெட்டுக்கு அனுப்புகிறது. அங்கே நூல் துணியாகிறது. அந்தச் சாயம் போடாத துணியை, அதாவது கிரே துணியை, நிட்டிங்காரர் நூல் கொடுத்த கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவது குறைவு. வேனில் ஏற்றி நேராகச் சாயப்பட்டறைக்கு அனுப்பிவிடுவார். அங்கிருந்து காம்பாக்டிங்குக்குப் போய், கடைசியில்தான் துணி அதன் சொந்தக்காரரின் கட்டிங் மேசையைப் பார்க்கிறது.

மாதக் கடைசியில் நிட்டிங்காரரிடமிருந்து கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு பில் வருகிறது. இத்தனை கிலோ ஓட்டினோம், கிலோவுக்கு இவ்வளவு கூலி, மொத்தம் இவ்வளவு என்று அதில் இருக்கிறது. பில்லைச் சரிபார்க்க வேண்டிய கணக்காளர் அந்தத் துணியைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. அவருடைய கம்பெனியிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த எடை உண்மைதானா என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே சாட்சி டிசி. ஒவ்வொரு லோடோடும் போன டெலிவரி சலான் அது.

பில் ஒன்றாக இருக்கலாம், அதற்குள் இருக்கும் டிசிகள் ஒன்றாகிவிடக் கூடாது. இதை எப்படிச் சாதிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. நிட்டிங் ஷெட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மாதம் ஒரு பில் என்ற வழக்கத்துக்குச் சட்டம் எளிதாக இடம் கொடுக்கும் தொழில் இது. அதே சமயம், டிசியைத் தொலைத்தால் பணம் எப்படிக் காணாமல் போகிறது என்பதும் இங்கே பளிச்சென்று தெரியும்.

எல்லா வியாபாரத்திலும் மாதம் ஒரு பில் போட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி சரக்கை விற்பவர், சரக்கு இடத்தைவிட்டுக் கிளம்பும்போதோ அதற்கு முன்போ வரி பில் போட்டாக வேண்டும். நிட்டிங்காரர் தன் சொந்த நூலில் துணி ஓட்டி விற்றால், வேனுக்கு வேன் பில் போக வேண்டும். டிசியில் அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் பில் போடுகிறேன் என்றால் வழியில் வண்டியை நிறுத்தும் அதிகாரிக்குப் பதில் சொல்ல முடியாது. தொடர்ச்சியாகச் சரக்கு தருவதாக ஒப்பந்தம் போட்டு, குறிப்பிட்ட நாட்களில் கணக்கு அறிக்கை அனுப்பி, அதன்படி பணம் வாங்கும் ஏற்பாட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை நம்பி இறங்குமுன் ஆடிட்டரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஜாப் ஒர்க் வேறு. நூலும் துணியும் பார்ட்டியுடையவை. நிட்டிங்காரர் விற்பது தன் வேலையை மட்டும்தான். அதனால் சட்டத்தின் பார்வையில் அது சேவை. சேவைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பில் போட்டால் போதும். துணி ரோட்டில் போவதற்கு ஜிஎஸ்டி விதிகளில் 55-ஆவது விதி டெலிவரி சலானை அனுமதிக்கிறது. அந்தச் சலான் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும்: சரக்கைப் பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, அனுப்புபவருக்கு ஒன்று. தேதி, வரிசை எண், இரு தரப்பின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும், சரக்கின் விவரம், அளவு, மதிப்பு, கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். வரிசை எண் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும். பில் எண்ணுக்கும் இதே 16 எழுத்துதான் எல்லை.

இனி ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு நடக்கும் விதம் அசல்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி பார்ட்டி தன் டிசி 412-இல் 1,000 கிலோ நூல் அனுப்புகிறார். 30-ஆம் நம்பர் கோம்ப்டு நூல், சிங்கிள் ஜெர்சி ஓட்ட வேண்டும், கூலி கிலோவுக்கு 12 ரூபாய், சேதாரம் 1 சதவீதம் வரை என்று பேச்சு. 12-ஆம் தேதி டிசி 431-இல் இன்னொரு 600 கிலோ வருகிறது. அதே நம்பர், அதே மில், ஆனால் லாட் வேறு.

லாட் வேறு என்பதைக் கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஷெட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். இரண்டு லாட் நூலை ஒரே மெஷினில் கலந்து ஓட்டினால் கிரே துணியில் ஒன்றும் தெரியாது. சாயம் ஏறிய பிறகு துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அப்போது எந்த ரோல் எந்த நூலில் ஓடியது என்று தேடுவார்கள். ரோலிலிருந்து நிட்டிங் டிசிக்கும், அதிலிருந்து நூல் டிசிக்கும், அங்கிருந்து மில் லாட்டுக்கும் தடம் இருந்தால்தான், பழி நூலுக்கா ஷெட்டுக்கா சாயப்பட்டறைக்கா என்பதைப் பேசி முடிக்க முடியும். தடம் இல்லையென்றால் பலம் குறைந்தவர் தலையில் விழும். பெரும்பாலும் அது சிறிய நிட்டிங் ஷெட்டாகத்தான் இருக்கிறது.

சரி, துணி வெளியே போகிறது. 412-ஆம் டிசி நூலில் மூன்று லோடு: ஆகஸ்ட் 4-இல் நிட்டிங் டிசி 201, எடை 312.400 கிலோ. 9-ஆம் தேதி டிசி 207, 358.600 கிலோ. 14-ஆம் தேதி டிசி 215, 319.500 கிலோ. மூன்றையும் கூட்டினால் 990.500. உள்ளே வந்தது 1,000. சேதாரம் 9.500 கிலோ, ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. 412-ஆம் டிசியின் கதை அத்தோடு முடிந்தது.

431-ஆம் டிசி நூலில் இரண்டு லோடு: 20-ஆம் தேதி டிசி 222, 268.000 கிலோ. 27-ஆம் தேதி டிசி 230, 271.000 கிலோ. கூட்டினால் 539. மீதி 61 கிலோ மாதக் கடைசியில் ஷெட்டில் நூலாகவும், இன்னும் முடிவாகாத சேதாரமாகவும் நிற்கிறது.

ஒரு நூல் டிசிக்கு எதிராகத் துணி பல லோடாகத் திரும்புவது இங்கே சாதாரணம். இப்படித் துண்டு துண்டாகத் திரும்பும்போது, பார்ட்டி அனுப்பிய சலானிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட முடியாது, ஜாப் ஒர்க் செய்பவர் ஒவ்வொரு முறையும் புதுச் சலான் போட வேண்டும் என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2018 மார்ச் 26-ஆம் தேதியிட்ட 38-ஆவது சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து இன்னொரு ஜாப் ஒர்க்கருக்கு நேராக அனுப்பும்போது பார்ட்டியோ அனுப்புபவரோ சலான் போடலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தப் புதுச் சலானில் தாய் டிசி எண்ணையும், அதாவது ‘உங்கள் டிசி 412-க்கு’ என்பதையும், எழுதிவிட வேண்டும். ஷெட்டில் சலான் எழுதுபவருக்கு ஒரு நொடி வேலைதான். எழுதாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து அந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க இரண்டு கம்பெனி ஆட்கள் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும்.

மாத பில்லில் நடக்கும் தவறுகளில் அடிக்கடி வருபவை இரண்டு. ஒரு டிசி பில்லில் சேராமல் விடுபடுவது ஒன்று. ஒரே டிசி இரண்டு பில்லில் ஏறுவது மற்றொன்று. முதலாவதில் நிட்டிங்காரருக்கு நஷ்டம், இரண்டாவதில் பார்ட்டிக்கு. இரண்டுக்கும் மூல காரணம் ஒன்றுதான்: பில் போடுபவர் கையில் கிடைத்த டிசித் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு கூட்டுகிறார். தாள் கிடைக்காவிட்டால் அந்த லோடு இல்லை. ஜெராக்ஸ் பிரதி ஒன்று இன்னொரு கோப்பில் இருந்தால் அந்த லோடு இரண்டு முறை. இரவு ஷிப்டில் கிளம்பிய லோடின் டிசி வேன் டிரைவரின் டாஷ்போர்டில் ஒரு வாரம் கிடப்பதெல்லாம் நடக்கிறது.

தாளை அடுக்குவதை விட்டு எண்ணை அடுக்க வேண்டும். டிசி எண் ஏப்ரலில் தொடங்கி மார்ச் வரை இடைவெளி இல்லாமல் ஓட வேண்டும். மாதா மாதம் ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் ஜூலையிலும் ஒரு 12, ஆகஸ்டிலும் ஒரு 12 வந்து குழப்பும். இரண்டு ஷெட் இருந்தால் ஷெட்டுக்கு ஒரு முன்னெழுத்து வைத்து இரண்டு வரிசை நடத்தலாம், விதி அதற்கு இடம் தருகிறது. தப்பாக எழுதிய டிசியைக் கிழித்து எறியக் கூடாது. மூன்று பிரதியிலும் ‘ரத்து’ என்று எழுதிப் புத்தகத்திலேயே வைக்க வேண்டும். அப்போதுதான் 201-லிருந்து 230 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பதில் இருக்கும்: பில் ஆனது, பில் ஆகவில்லை, ரத்தானது. நான்காவது பதில் எதற்காவது வருமானால் அங்கேதான் பணம் ஒழுகுகிறது.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. டிசி எழுதும் அன்றே எக்செல்லில் ஒரு வரி: தேதி, பார்ட்டி, டிசி எண், தாய் டிசி, ரோல், கிலோ, கடைசியில் காலியாக ஒரு ‘பில் எண்’ கட்டம். பில் போட்டதும் அந்தப் பில் எண்ணை அதில் சேர்ந்த ஒவ்வொரு டிசியின் கட்டத்திலும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் எந்தக் கட்டம் காலியோ அது இன்னும் பில் ஆகாத டிசி. டிசி எண் மூன்றாவது பத்தியில் இருக்கிறது என்று வைத்தால், ஒரே எண் இருமுறை ஏறியிருக்கிறதா என்று பார்க்க இந்த ஒரு வரி போதும்:

```
=COUNTIF(C:C,C2)
```

விடை 1-க்கு மேல் வந்தால் அந்த எண் இருமுறை இருக்கிறது. ஒரே டிசியில் இரண்டு வகைத் துணி போய் இரண்டு வரியாகப் பதிந்திருந்தாலும் 2 வரும். அதனால் 2 கண்டதும் தவறென்று முடிவு கட்டாமல் தாளைப் பார்த்துவிட வேண்டும்.

டாலி வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை Delivery Note என்ற பதிவு செய்கிறது. அதற்கு Tracking No. என்று ஓர் எண் உண்டு. டிசி எண்ணையே அந்த எண்ணாக வைத்து, மாதக் கடைசியில் பில் பதியும்போது அந்த எண்களைத் தேர்ந்தெடுத்து இழுத்தால், டிசியும் பில்லும் உள்ளே கோத்துக்கொள்ளும். Sales Bills Pending என்ற அறிக்கை, அனுப்பியும் பில் ஆகாதவை எவை, பில் ஆகியும் அனுப்பாதவை எவை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும். பல கம்பெனிகளில் டாலி இருக்கிறது, இந்த எண்ணைத்தான் யாரும் நிரப்புவதில்லை. ‘ஆகஸ்ட் மாத நிட்டிங் கூலி’ என்று மொத்தமாக ஒரு வரி பதிந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவிலிருந்து லோடுக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

நம் கணக்கில் ஒரு சிக்கல் இன்னும் பாக்கி. 222-ஆம் டிசியில் போன துணியில் இரண்டு ரோலில் ஊசிக் கோடு இருப்பதாகச் சாயப்பட்டறை 23-ஆம் தேதி திருப்பி அனுப்பியது. எடை 44.600 கிலோ. மாதக் கடைசியில் பார்ட்டியின் கணக்காளர் ஷெட்டுக்குப் போன் போடுகிறார்.

“அண்ணா, 222-ல 268 போட்டிருக்கீங்க. டையிங்ல ரெண்டு ரோல் ரிட்டன் ஆகியிருக்குதுங்களே?”

“ஆமாங்க தம்பி, ரிட்டன் வந்திருச்சு. டிசியில 268-னு தானுங்க இருக்கும். அதைத் திருத்தக் கூடாது. பில்லுல கீழ கழிச்சுக் காட்டியிருக்கேன் பாருங்க.”

ஷெட்காரர் சொல்வதுதான் சரி. அனுப்பிய அன்று வேனில் ஏறியது 268 கிலோ. அது நடந்த உண்மை. அதைப் பின்னால் 223 என்று திருத்தினால் சாயப்பட்டறையின் வரவுப் புத்தகத்தோடு மோதும், வண்டிக்காரரின் பிரதியோடு மோதும். திரும்பி வந்த துணிக்குச் சாயப்பட்டறை போட்ட ரிட்டன் டிசி தனி ஆவணம். பில்லில் இரண்டும் தெரிய வேண்டும்: அனுப்பியது 268.000, திரும்பியது 44.600, கூலிக்கு உரியது 223.400. கெட்டுப்போன 44.600 கிலோவுக்கான நூல் மதிப்பை யார் ஏற்பது என்பது தனிப் பேச்சு. அதைக் கூலி பில்லோடு கலந்து நேர்செய்துவிட்டால் பின்னால் எதுவும் பிரியாது. பார்ட்டி அதற்குத் தனி டெபிட் நோட் போடட்டும்.

இப்போது பில்லைப் போடலாம். 312.400, 358.600, 319.500, 223.400, 271.000. மொத்தம் 1,484.900 கிலோ. 12 ரூபாய் வீதம் 17,818 ரூபாய் 80 காசு. துணி சம்பந்தப்பட்ட ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 445.47, மாநில வரி 445.47. ஆக 18,709 ரூபாய் 74 காசு.

பில் தாளில் இந்த ஐந்தையும் ஐந்து வரிகளாகவே எழுதிவிடலாம். மாதம் நாற்பது, ஐம்பது டிசி போகும் ஷெட்டில் பில் நீண்டுவிடும். அப்போது பில்லில் துணி வகைக்கு ஒரு வரி, பின்னால் டிசி வாரியாக ஓர் இணைப்புத் தாள். இணைப்பின் தலையில் பில் எண்ணும் பில்லில் ‘இணைப்புப்படி’ என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இணைப்பின் கூட்டுத்தொகை பில்லின் கிலோவோடு கிராம் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நிட்டிங் டிசி, தாய் டிசி, தேதி, எங்கே இறங்கியது, எடை, வீதம். வீதத்தை வரிக்கு வரி எழுதச் சொல்வது வீண் வேலை என்று தோன்றலாம். மாத நடுவில் கூலி 12-லிருந்து 13 ஆன மாதத்தில் அதன் அருமை தெரியும். மொத்தக் கிலோவை ஒரே வீதத்தில் பெருக்கிய பில்லில், எந்த லோடு பழைய கூலி, எது புதிய கூலி என்று யாராலும் சொல்ல முடியாது.

டிசி எண்ணைப் பில்லில் காட்ட வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி கேட்கவில்லை. அதனாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். இதை யாரும் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பார்ட்டி தரப்பில் பில்லைப் பாஸ் செய்யும் முறை முழுக்க இந்த இணைப்பில்தான் நிற்கிறது. கணக்காளர் ஒவ்வொரு வரியையும் சாயப்பட்டறை கையெழுத்துப் போட்ட பிரதியோடு ஒப்பிடுகிறார். பொருந்திய வரிக்கு டிக். 222-இல் தகராறு என்றால் அந்த ஒரு வரியை மட்டும் நிறுத்திவைத்து, மற்ற நான்குக்குப் பணம் அனுப்பிவிட முடியும். டிசி எண் இல்லாத மொத்தப் பில்லில் ஒரு லோடின் சந்தேகம் முழுப் பணத்தையும் முடக்கும். சனிக்கிழமை சம்பளம் போட வேண்டிய ஷெட்காரருக்கு அந்த வித்தியாசம் சாதாரணம் இல்லை.

ஒப்பிடும்போது எடை அப்படியே ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஷெட்டில் 312.400 காட்டிய லோடு சாயப்பட்டறைத் தராசில் 311.900 காட்டலாம். தராசு வேறு. ரோலைச் சுற்றிய பாலித்தீனை ஒருவர் கழித்திருப்பார், இன்னொருவர் கழித்திருக்க மாட்டார். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். பருத்தி வணிகத்தில் உலர்ந்த எடையின் மேல் 8.5 சதவீத ஈரத்தை இயல்பு என்றே கணக்கிடுகிறார்கள். மழை நாளில் எடைபோட்ட துணியை வெயில் நாளில் எடைபோட்டால் குறையும். ஆகவே எத்தனை கிராம் வரை வித்தியாசத்தை விட்டுவிடுவது, அதற்கு மேல் போனால் யார் தராசு செல்லும் என்பதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு லோடில் கூடுதல், மறு லோடில் குறைவு என்று இரு பக்கமும் ஆடினால் அது ஈரமும் தராசும். எல்லா லோடிலும் ஒரே பக்கமாக அரைக் கிலோ குறைந்துகொண்டே வந்தால் தராசைச் சோதிக்க ஆள் அனுப்ப வேண்டும். மாத மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. டிசி வாரியாகப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

எந்தத் தேதியில் பில் போடுவது என்பதிலும் கவனம் வேண்டும். வேலை முடிந்து 30 நாள் என்ற எல்லையை முன்பு சொன்னேன். ஆகஸ்ட் 31-இல் பில் போட்டால் 4-ஆம் தேதி லோடுக்கு 27 நாள்தான் ஆகியிருக்கும். ஒன்றாம் தேதி ஒரு லோடு போயிருந்தாலும் 31-ஆம் தேதி அதற்குச் சரியாக 30-ஆவது நாள். ஆக, அந்தந்த மாதக் கடைசி நாளில் பில் போடும் வழக்கம் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ‘டிசியெல்லாம் வந்து சேரட்டும்’ என்று செப்டம்பர் 10 வரை இழுத்தால், 4-ஆம் தேதி லோடுக்கு 37 நாள், 9-ஆம் தேதி லோடுக்கு 32 நாள். அந்த இரண்டும் எல்லையைத் தாண்டிவிட்டன. எல்லை தாண்டினால், பில் தேதி செல்லாது, வேலை முடிந்த நாளையே வரிக்கு உரிய நாளாகச் சட்டம் கொள்கிறது. பில் செப்டம்பரில், வரி ஆகஸ்டில், நடுவில் வட்டி. ஒரே பில்லில் சில வரிகள் இந்த மாதத்துக்கும் சில போன மாதத்துக்கும் உரியவை என்றாகிவிடும். டிசித் தாள் வந்து சேரக் காத்திராமல் அன்றன்றே பதிவு ஓட வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் காரணம்.

31-ஆம் தேதி இரவு கிளம்பி 1-ஆம் தேதி விடியலில் இறங்கும் லோடு எந்த மாதம்? டிசி தேதிப்படியா, இறங்கிய தேதிப்படியா என்று இரு தரப்பும் ஒன்றை முடிவுசெய்து வருடம் முழுக்க அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஷெட் ஒரு விதமாகவும் பார்ட்டி வேறு விதமாகவும் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாதமும் ஒரு லோடு வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும்.

பணம் எப்போது வர வேண்டும் என்பதிலும் டிசி தேதிக்கு ஒரு பங்கு இருக்கிறது. பல சிறு ஷெட்காரர்களுக்கு இது தெரியாதது எனக்கு வருத்தம். ‘பில் தேதியிலிருந்து 45 நாள்’ என்று பார்ட்டிகள் சொல்வதை அவர்கள் அப்படியே ஏற்கிறார்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவருக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு அப்படி இல்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். இந்த நாட்கள் சரக்கோ சேவையோ ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகின்றன. ஏற்கப்பட்ட நாள் என்பது டெலிவரி ஆன நாள். குறை ஏதாவது இருந்தால் அதை 15 நாளுக்குள் பார்ட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்போது மட்டும் குறை தீர்ந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நம் உதாரணத்தில் ஆகஸ்ட் 4-ஆம் தேதி துணி போனது. 31-இல் பில். பில்லிலிருந்து 45 நாள் என்றால் அக்டோபர் 15. டெலிவரியிலிருந்து 45 நாள் என்றால் செப்டம்பர் 18. ஒரே லோடுக்கு 27 நாள் வித்தியாசம். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. கேட்பதும் கேட்காததும் உறவைப் பொறுத்தது. ஆனால் கேட்க நேர்ந்தால், மாத பில் மட்டும் கையில் இருந்தால் போதாது. ஒவ்வொரு லோடும் இறங்கிய தேதியோடு கையெழுத்தான டிசி வேண்டும்.

பார்ட்டிக்கும் டிசி வேண்டியிருக்கிறது, வேறு காரணத்துக்காக. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய நூல் ஒரு வருடத்துக்குள் துணியாகத் திரும்பியோ அங்கிருந்தே விற்பனையாகியோ கணக்கு முடிய வேண்டும். முடியாவிட்டால் நூலை அனுப்பிய அன்றே ஜாப் ஒர்க்கருக்கு விற்றதாகச் சட்டம் எடுத்துக்கொண்டு வரி கேட்கும். அந்த ஒரு வருடம் பில்லிலிருந்து எண்ணப்படுவதில்லை, நூல் டிசியின் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. 431-இல் மீதியிருக்கும் 61 கிலோவைப் பற்றி மாத பில்லில் ஒரு வார்த்தையும் இராது, ஏனென்றால் அதற்கு இன்னும் கூலி இல்லை. அதனால் இணைப்புத் தாளின் அடியில் நூல் இருப்பையும் தாய் டிசி வாரியாக எழுதி அனுப்பும் ஷெட்டுகள் நல்ல வேலை செய்கின்றன: 412 முடிந்தது, சேதாரம் 9.500. 431-இல் பாக்கி 61.000, தவிர திரும்பி வந்த குறைத் துணி 44.600.

ஐடிசி-04 படிவம் கேட்பதும் கிட்டத்தட்ட இதையேதான். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ள பார்ட்டி அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறையும் தாக்கல் செய்கிறார்கள். அனுப்பிய சலான் எண், திரும்பிய சலான் எண், என்ன வேலை நடந்தது, அளவு, சேதாரம் என்று அதில் கட்டங்கள் இருக்கின்றன. கூலி பில்லின் எண்ணுக்கு அங்கே இடமில்லை. மாதா மாதம் டிசி வாரி இணைப்பு வாங்கி வைத்தவருக்கு அந்தப் படிவம் அரை நாள் வேலை. மொத்தப் பில்லை மட்டும் வாங்கியவர் அந்தச் சமயத்தில் ஷெட் ஷெட்டாகப் போன் போட்டுப் பழைய டிசிப் புத்தகத்தைத் தேடச் சொல்வார்.

அந்தப் புத்தகம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். டிசிப் பிரதிகள் பெரும்பாலும் கார்பன் தாளில் எழுதியவை, இரண்டு மழைக்காலத்தில் எழுத்து மங்கிவிடும். கையெழுத்தோடு திரும்பி வந்த அன்றே ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்து, கோப்பின் பெயராக டிசி எண்ணையே வைத்து, மாதத்துக்கு ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்த ஃபோல்டருக்குப் பில் எண்ணைப் பெயராக வைத்துவிட்டால் போதும்.